காலையில் இனித்த சாத்துக்குடி

ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவருக்கு வீட்டிலிருந்து சாத்துக்குடி ஜூஸ் போகிறது. காலை 7 மணிக்கு மிக்ஸியில் அடித்ததும் மருமகள் ஒரு வாய் குடித்துப் பார்த்தார், நல்ல இனிப்பு. 11 மணிக்கு பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தால், "என்னம்மா, கசக்குதே?" என்கிறார் பெரியவர். மாத்திரை சாப்பிட்ட நாக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சமாதானம் சொல்கிறார்கள். ஆனால் பெரியவர் சொன்னதுதான் சரி.

தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதியிலும் சுளையை மூடிய சவ்விலும் ஒரு பொருள் இருக்கிறது. அதற்குக் கசப்பே கிடையாது. முழுப் பழத்தில் அது புளிப்புச் சாற்றோடு சேராமல் ஒதுங்கியே இருக்கும். மிக்ஸி பிளேடு சவ்வைக் கிழித்ததும் சாற்றில் கலக்கிறது. சாற்றின் புளிப்பும் பழத்திலேயே உள்ள ஒரு நொதியும் சேர்ந்து அதை லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாற்றுகின்றன. இந்த மாற்றம் மெதுவாக நடப்பதால்தான் முதல் வாய் இனித்தது. ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் சேர்ந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். காயாக இருக்கும் பழத்தில் இந்தத் தொல்லை அதிகம். நன்கு பழுத்ததில் குறைவு.

அடித்த உடனேயே கசந்தால் காரணம் வேறு. விதை அரைபட்டிருக்கும், இல்லையென்றால் தோல் சேர்ந்திருக்கும். விதையில் லிமோனின் தயாராகவே இருக்கிறது.

பெரியவரின் டம்ளரில் இன்னொன்றும் தெரிந்தது: மேலே தெளிந்த நீர், அடியில் மஞ்சள் மண்டி. சாற்றைக் கலங்கலாகத் தாங்கி நிற்பது பெக்டின். இன்னொரு நொதி அதன் அமைப்பை மாற்றிவிட, சாற்றில் உள்ள கால்சியம் அதைக் கட்டிகட்டியாகச் சேர்த்து அடியில் இறக்கிவிடுகிறது. கலக்கினால் சேரும், சற்று நேரத்தில் மறுபடி பிரியும். அடித்த கொஞ்ச நேரத்தில் மேலே நுரையும் சக்கையும் ஒதுங்குவது மிக்ஸி உள்ளே இழுத்த காற்றால். இரண்டுமே கெட்டுப்போன அடையாளம் அல்ல. புளித்த வாடை அடித்தால், குமிழி கிளம்பினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

வெள்ளைத் தோலை முடிந்தவரை சீவி, விதை எடுத்து, மிக்ஸியை விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டி உடனே வடிகட்டினால் கசப்பு வெகுவாகக் குறையும். வடிகட்டியில் சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழிவதில்தான் பலரும் காரியத்தைக் கெடுக்கிறார்கள். கடைசிச் சொட்டில் வருவது பெரும்பாலும் சவ்வின் சாறு. சர்க்கரை கசப்பை மறைக்கும், போக்காது. ஃபிரிட்ஜ் தாமதப்படுத்தும், தடுக்காது. பிளாஸ்க் அதையும் செய்வதில்லை. ஊற்றிய சூட்டிலேயே வைத்திருக்கும்.

மறுநாள் மருமகள் பிளாஸ்க்கை எடுத்துப் போகவில்லை. இரண்டு பழம், ஒரு கத்தி, கையால் பிழியும் பிளாஸ்டிக் பிழிவான் போதுமாக இருந்தது. பழத்தைக் குறுக்கே வெட்டி லேசாகத் திருகிப் பிழிந்து, கட்டிலருகிலேயே டம்ளரைக் கையில் கொடுத்தார்.