கறிவேப்பிலை வந்த வழி

டிஷ்வாஷர் மாட்டிய நான்காம் நாள் காலையில் தங்கை போன் செய்தாள். "அக்கா, மிஷினைத் திறந்தா அடியில ரசம் மாதிரி தண்ணி நிக்குது. ஒரு கறிவேப்பிலை வேற மிதக்குது." முந்தின இரவே பாத்திரங்களை வெளியே எடுத்து அடுக்கிவிட்டு, காலி மிஷினைத்தான் மூடியிருக்கிறாள். கழுவிய தண்ணீர் வெளியேறாமல் தங்கியிருந்தால் அது சோப்புத் தண்ணீராக இருக்க வேண்டும். ரசம் எங்கிருந்து வந்தது?

மிஞ்சிய ரசத்தை இரவில் எங்கே கொட்டினாய் என்று கேட்டேன். சிங்க்கில்தான். அந்த சிங்க்கில் நாலைந்து நாளாகவே தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் மிஷினில் கோளாறில்லை. சிங்க்கிலிருந்து மிஷினுக்கு யாரோ ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் அவள் வீடு. சமையல் மேடைக்குக் கீழே சிங்க்கும் மிஷினும் பக்கத்துப் பக்கத்தில். அலமாரிக் கதவைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மிஷினின் பின்னாலிருந்து வரும் சாம்பல் நிறக் கழிவு ஹோஸ் தரையோடு தரையாக வந்து, நேராக சிங்க்கின் பாட்டில் டிராப்பில் இணைந்திருந்தது. பார்க்க ஒழுங்காக, சுருக்கமாக இருந்தது. ஆனால் மிஷினின் வேலைக்கு அது தவறான ஒழுங்கு.

மிஷினில் கழிவுநீர் சேரும் குழி ஏறக்குறையத் தரை மட்டத்தில் இருக்கிறது. சிங்க்கின் அடிப்பாகமோ தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில். இரண்டையும் ஒரு குழாயால் இணைத்துவிட்டு, வெளியே போகும் பைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால், சிங்க்கில் தேங்கும் தண்ணீருக்கு மிஷின்தான் பள்ளம். பம்ப் ஓடும்போது தண்ணீர் மிஷினிலிருந்து சிங்க் பக்கம் போகும். பம்ப் நின்றதும் சிங்க்கிலிருந்து மிஷினுக்கு வரும். இதைத் தடுக்கப் பல மிஷின்களில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிறிய ரப்பர் மூடி இருக்கும். ஒரு பருக்கை சோறோ தேங்காய் நாரோ அதன் இடுக்கில் மாட்டினால் போதும், மூடி சரியாக மூடாது. அதை மட்டும் நம்பி ஹோஸைத் தாழ்வாகப் போடக் கூடாது.

இதற்கு மருந்து செலவில்லாதது. கழிவு ஹோஸை மிஷினிலிருந்து முதலில் மேலே ஏற்ற வேண்டும். மேடைக் கல்லின் அடியைத் தொடும் அளவுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு கிளாம்ப் போட்டு அலமாரிப் பலகையில் இறுக்கி, அதன் பிறகு வளைத்துக் கீழே இறக்கி டிராப்பில் இணைக்க வேண்டும். தலைகீழான 'U' போல ஒரு மேடு. ஹோஸ் வளையும் இடத்தில் மடங்கி நசுங்கிவிடாமல், கை அகலத்துக்காவது வட்டமாக வளைய வேண்டும்.

தங்கை வீட்டில் கணக்கு இப்படி வந்தது. மேடையின் உயரம் 85 சென்டிமீட்டர். அதன் அடியில் நாங்கள் கட்டிய மேட்டின் உச்சி 80. சிங்க்கின் அடி 65. அதாவது சிங்க் தண்ணீர் மேட்டைத் தாண்டி மிஷினுக்குள் வர வேண்டுமானால், சிங்க்கில் 15 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டும். அவ்வளவு தேங்கும் வரை வீட்டில் யாரும் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். முன்பிருந்த அமைப்பில் அரை அங்குலம் தேங்கினாலே போதும். மேட்டை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம் என்றும் நினைக்க வேண்டாம். பம்ப் தள்ளும் உயரத்துக்கு எல்லை உண்டு. பெரும்பாலான கையேடுகள் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் அந்த எல்லையைப் போடுகின்றன. உங்கள் மிஷினின் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்குச் சட்டம்.

ஹோஸை மாற்றிக் கட்டிய பிளம்பர் இரண்டே வரியில் முடித்தார். "தண்ணிக்கு எறங்கத்தான்க்கா தெரியும். ஒரு தடவை மேல ஏத்தி விட்டுட்டா திரும்பி வராது."

நம் ஊரில் நடக்கும் இன்னொரு தவறு, துணி துவைக்கும் மிஷின் பழக்கத்தில், கழிவு ஹோஸை சர்வீஸ் ஏரியாவின் தரை ஓட்டைக்குள் ஆழமாகச் சொருகிவிடுவது. இங்கே வேறொரு தொல்லை வரும். ஹோஸின் முனை மிஷினுக்குள் இருக்கும் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதால், ஒரு முறை ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டால் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு போகும். லாரிக்காரர்கள் டியூப் போட்டு டீசல் இறக்குவது போலத்தான். மிஷின் தண்ணீர் நிரப்ப நிரப்ப அது வெளியே போய்க்கொண்டிருக்கும். மிஷின் தண்ணீர் எடுக்கும் சத்தம் நிற்காமல் கேட்பதும், அதே நேரத்தில் தரை ஓட்டையில் சலசலப்பதும் இதன் அடையாளம். இங்கேயும் மேடு கட்டாயம். கூடவே, முனையை ஆழமாகச் சொருகாமல், துணியோ டேப்போ சுற்றி அடைக்காமல், சுற்றிலும் காற்றுப் போக இடம்விட வேண்டும். காற்று புகுந்தால் இழுப்பு அறுந்துவிடும்.

பாட்டில் டிராப்பில் இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோஸ் மாட்டுவதற்கென்று டிராப்பின் பக்கவாட்டில் இருக்கும் மூக்கு, புதிதாக வரும்போது பெரும்பாலும் மூடியே வரும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை எடுக்காமல் ஹோஸை மாட்டிவிட்டால், பம்ப் உறுமும், தண்ணீர் போகாது. மிஷின் நின்றுவிடும். புது மிஷினைக் குறை சொல்வதற்கு முன் அந்த மூக்குக்குள் ஒரு பேனாவை விட்டுப் பாருங்கள்.

இனி தண்ணீர் உள்ளே வரும் பக்கம். டிஷ்வாஷரோடு வரும் ஹோஸின் நட்டு முக்கால் அங்குலம். நம் சிங்க்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் வால்வு அரை அங்குலம். நடுவில் அரைக்கு முக்கால் அடாப்டர் ஒன்று வேண்டும், அல்லது வாஷிங் மிஷின் குழாயையே பொருத்திவிடலாம். வால்வு சுவரில் திருகும் மரைக்கு டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டும். ஹோஸின் நட்டுக்குச் சுற்றக் கூடாது. அங்கே தண்ணீரை அடைப்பது மரை அல்ல, நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். டேப் சுற்றினால் நட்டு முழுக்க ஏறாமல் நின்று, வாஷர் சரியாக அமுங்காமல் போகலாம். கையால் இறுகும் வரை திருகி, ஸ்பானரால் கால் சுற்று கொடுத்தால் போதும். பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினால் வாஷர் நசுங்கி, அதுவே கசிவுக்குக் காரணமாகும்.

ஹோஸை மாட்டுவதற்கு முன் வால்வைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்துவிடுங்கள். புதுக் குழாய் வேலையில் மணலும் பிவிசி பசைத் துணுக்கும் உள்ளே கிடக்கும். மாட்டிய பிறகு அவை போய் உட்காருவது மிஷின் வாயிலில் இருக்கும் சிறிய சல்லடையில்தான். பக்கெட் பிடிக்கும்போதே வேகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். 10 லிட்டர் பக்கெட் ஒரு நிமிடத்தில் நிறைந்தால் கவலையில்லை. மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடி வீடுகளில்தான் சிக்கல். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும் என்பது கணக்கு. குழாய்க்கு மேல் தொட்டி 3 மீட்டரில் இருந்தால் 0.3 பார். சில மிஷின்களுக்கு அது போதும், 0.5 பார் கேட்கும் மிஷின்களுக்குச் சிறிய பிரஷர் பம்ப் தேவைப்படும்.

கரண்டுக்கு ஒரே வார்த்தை: எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக், அதுவும் மிஷினுக்குப் பின்னால் அல்லாமல் கை எட்டும் பக்கத்து அலமாரியில். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்று. மிஷினை உடனே மேடைக்குள் தள்ளிவிடாதீர்கள். முதல் ஓட்டம் முடியும் வரை பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கும் அளவுக்கு வெளியே இருக்கட்டும். கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். தரையில் விழும் ஒரு சொட்டு கண்ணுக்குத் தப்பலாம், தாளில் விழுந்தால் கறை காட்டிக்கொடுக்கும்.

சோதனையின் முதல் கட்டம் சுவிட்ச் போடுவதற்கு முன்பே. வால்வை மட்டும் திறந்து கால் மணி நேரம் காத்திருங்கள். மிஷினின் வாயில் மூடியிருப்பதால், அதுவரையுள்ள ஹோஸ் முழுக்க அழுத்தம் நிற்கும். உலர்ந்த டிஷ்யூ தாளால் இரண்டு முனை நட்டுகளையும் சுற்றித் துடையுங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளில் புள்ளியாகத் தெரியும். புள்ளி விழுந்தால் வால்வை மூடி, நட்டைக் கழற்றி, வாஷர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலும் இறுக்குவது கடைசி வழி.

அடுத்து, பாத்திரம் எதுவும் வைக்காமல் சூடான தண்ணீரில் கழுவும் ஒரு புரோகிராமைப் போடுங்கள். தண்ணீர் மொத்தமும் வெளியேறும் நேரத்துக்காகக் காத்திருங்கள். பம்ப் ஓடும்போது கழிவு ஹோஸ் துடிப்பதைக் கையில் உணரலாம். அந்த நிமிடத்தில் டிராப்பின் மூக்கையும் அங்குள்ள கிளிப்பையும் தாளால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் குளிர்ந்த நீர் போகும்போது உலர்ந்திருந்த இணைப்பு, பிறகு 60 டிகிரிக்கு மேல் சூடான நீர் போகும்போது இளகிக் கசிவதுண்டு. அதனால் இந்தச் சோதனை ஒரு முறை போதாது. சூடான நீர் இறங்கும்போது இன்னொரு முறை வேண்டும்.

கதவின் கீழ் மூலையில் சொட்டினால் பெரும்பாலும் மிஷின் சாய்ந்திருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். பாத்திரம் தேய்க்கும் சாதாரண லிக்விடை ஊற்றிப் பார்த்தவர்கள் வீட்டில் கதவோரம் நுரையே வழியும். அதற்கு எந்த ஸ்பானரும் உதவாது.

தரை உலர்ந்திருப்பதால் மட்டும் கசிவில்லை என்று முடிவு செய்ய முடியாது. பல மிஷின்களில் அடியில் ஒரு தட்டு உண்டு. உள்ளே கசிவது முதலில் அதில்தான் சேரும். ஓரளவு சேர்ந்ததும் மிதவை ஒன்று எழும்பி, மிஷின் புரோகிராமை நிறுத்திவிட்டுக் கழிவு பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். எதுவும் கழுவாத நேரத்தில் பம்ப் விடாமல் ஓடினால் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

தங்கை வீட்டில் கடைசியாக ஒரு சோதனை பாக்கியிருந்தது. சிங்க்கை அடைத்து பத்து சென்டிமீட்டர் வரை தண்ணீர் நிரப்பினோம். அதில் மஞ்சள்தூளைக் கலக்கச் சொன்னார் பிளம்பர். அடைப்பை எடுத்ததும் தண்ணீர் அந்தப் பழைய மெதுவான வேகத்திலேயே சுழன்று இறங்கியது. மிஷின் கதவைத் திறந்து, அடியிலிருந்த ஃபில்டரைத் தூக்கிப் பார்த்தோம். குழியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அது எப்போதும் இருக்கும். நிறம் மட்டும் தெளிவாக இருந்தது.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, சிங்க்கின் அடைப்பைக் குத்தக் கம்பி எடுத்து வரப் போனார் அவர்.