மாம்பழத்தைக் கவ்விய வாளை மீன்

இளங்கலைத் தமிழ் மாணவர்களின் தேர்வுக் குறிப்பேட்டைப் புரட்டினால், சங்க இலக்கியம் என்ற தலைப்பின் கீழ் முதலில் ஐந்திணை அட்டவணைதான் இருக்கும். குறிஞ்சி என்றால் மலை, யாமம், புணர்தல். மருதம் என்றால் வயல், வைகறை, ஊடல். தவறில்லாத அட்டவணைதான். ஆனால் வினாத்தாளில் ஒரு பாட்டைக் கொடுத்து விளக்கச் சொல்லும்போது பலர் தடுமாறுவதும் இந்த அட்டவணையால்தான். பாட்டில் மீன் வந்தால் நெய்தல், வயல் வந்தால் மருதம் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள்.

பாட்டைத் திறக்கும் வழி வேறு. யார் பேசுகிறார், யார் கேட்க, எந்தச் சமயத்தில் என்பதை முதலில் பார்க்க வேண்டும். குறுந்தொகையில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே உள்ள கூற்றுக் குறிப்பு இதைத்தான் சொல்கிறது. அது புலவர் எழுதியதல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. ஆனாலும் அதைப் படிக்காமல் பாட்டுக்குள் போனால் பேசுபவர் மனைவியா, தோழியா, பரத்தையா என்றே பல இடங்களில் தெரியாது. அகப்பாட்டில் யாருக்கும் இயற்பெயர் கிடையாது. ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு.

ஆலங்குடி வங்கனார் பாடிய எட்டாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆறே அடிகள். தலைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று பரத்தையின் காதுக்கு எட்டுகிறது. தலைவிக்கு வேண்டியவர்கள் கேட்கும்படி அவள் பதில் சொல்கிறாள். வயலோரத்து மாமரத்தில் முற்றிய பழம் தானாக உதிர்கிறது; நீரில் கிடக்கும் வாளை மீன் அதைக் கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குச் சொந்தக்காரன் எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைக் காலைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் போல, மகனைப் பெற்றவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள்.

இங்கே இரண்டு உவமைகள் இருக்கின்றன. மதிப்பெண் போவது இவற்றைக் குழப்புவதால்தான். கண்ணாடிப் பிம்பம் வெளிப்படையான உவமை: ‘போல’ என்ற உருபு இருக்கிறது, எது எதற்கு ஒப்பு என்று பாட்டே சொல்லிவிடுகிறது. மாம்பழமும் வாளையும் உள்ளுறை உவமம். உருபு இல்லை, ஒப்பிடப்படும் பொருளும் இல்லை. ஊரை வருணிப்பதுபோல வந்து போகிறது. வாளை மரமேறவில்லை, பழத்தைத் தேடிப் போகவும் இல்லை. இருந்த இடத்திலேயே இருந்தது, பழம் வந்து விழுந்தது. ‘நான் அவனை வளைத்துப் பிடிக்கவில்லை, அவனாகத்தான் வந்தான்’ என்பதே பரத்தை சொல்லாமல் சொன்னது. தலைவியின் குற்றச்சாட்டுக்கு நேரான பதில் அந்த ஊர் வருணனைக்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் ஏச்சு. என்னைக் கேட்டால், குறுந்தொகையில் இவ்வளவு நறுக்கென்று வாதாடும் பெண் குரல்கள் குறைவு.

உள்ளுறை, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை இடமாகக் கொண்டு வரும் என்கிறது தொல்காப்பியம். ஆகவே மரம், மீன், பறவை, விலங்கு எதைக் கண்டாலும் அது கதைமாந்தர் ஒருவரோடு பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். பொருந்தினால் நிகழ்ச்சி முழுவதும் பொருந்த வேண்டும்: பழம் தலைவன், வாளை பரத்தை, தானே உதிர்வது அவன் தானே வருவது. ஒரு கண்ணி மட்டும் பொருந்தி மற்றவை தொங்கினால், இல்லாத உள்ளுறையை நாம் ஏற்றுகிறோம் என்று பொருள்.

இனி, அட்டவணையை மட்டும் நம்பினால் சறுக்கும் பாட்டு ஒன்று: கபிலரின் இருபத்தைந்தாம் பாட்டு. களவில் கூடியவன் மணம் பேச வராமல் நாள் கடத்துகிறான். அவன் இல்லையென்று மறுத்துவிட்டால் என்ன செய்வேன், அன்று அங்கே வேறு யாருமே இல்லையே என்று தலைவி தோழியிடம் கலங்குகிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு மட்டுமே அங்கிருந்ததாம். குருகையும் ஆரலையும் கண்டு மருதம் என்றோ நெய்தல் என்றோ எழுதத் தோன்றும். பாட்டோ குறிஞ்சி. களவில் நடந்த கூடலும் அதைச் சார்ந்த கலக்கமுமே உரிப்பொருள். உரிப்பொருள் அல்லாதவை ஒரு திணையிலிருந்து இன்னொன்றுக்குள் கலந்து வரலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. குருகின் மெல்லிய கால்களுக்குக் கபிலர் தினைத் தாளை உவமை சொல்கிறார். நீர்ப்பறவையின் உடம்பிலேயே மலைப்பயிர் வந்துவிடுகிறது.

விடைத்தாளில் இந்தப் பாட்டுக்குத் திணையை எழுதும்போது ‘குறிஞ்சி’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், உரிப்பொருளைக் காரணமாகக் காட்டி, குருகும் ஆரலும் திணை மயக்கமாக வந்தவை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தப் பறவை மீன் மேல் கண் வைத்திருந்ததால் சாட்சியாகவும் உதவாது என்பதை அடுத்த வரியில் எழுதலாம். தலைவியின் பயம் முழுவதும் அதில் இருக்கிறது.