செயற்பாட்டியமும் முரண்பாட்டுக் கோட்பாடும்

செயற்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு ஆகியன சமூகம் இயங்கும் முறையை விளக்கும் இரு சமூகவியல் நோக்குகள் ஆகும். ஒரு சமூக ஏற்பாடு முழுச் சமூகத்திற்கும் என்ன பணியாற்றுகிறது என்று செயற்பாட்டியம் கேட்கிறது. அதே ஏற்பாட்டால் யார் பயன்பெறுகிறார்கள், யார் இழக்கிறார்கள் என்று முரண்பாட்டுக் கோட்பாடு கேட்கிறது. எமில் துர்கைம், டால்கட் பார்சன்சு ஆகியோர் முதல் நோக்கிற்கும், கார்ல் மார்க்சு இரண்டாவதற்கும் அடித்தளம் இட்டவர்கள்.

வகுப்பறைப் படவில்லைகளில் இவை பெரும்பாலும் "ஒற்றுமை", "மோதல்" என இரு நிரல்களாகத் தரப்படுகின்றன. இச்சுருக்கத்தைப் படிப்பவர், குடும்பம் முதல் நோக்கிற்கும் வேலைநிறுத்தம் இரண்டாவதற்கும் உரியவை என்று கருதிவிடக்கூடும். உண்மையில் எந்த நிகழ்வையும் இரு நோக்கிலும் ஆராயலாம்.

எடுத்துக்காட்டு: மருத்துவமனை ஊதியம்

ஒரு மருத்துவமனையில் மருத்துவரின் ஊதியம் துப்புரவுப் பணியாளரின் ஊதியத்தைவிடப் பல மடங்கு அதிகம். இத்தகைய வேறுபாட்டிற்குக் கிங்சுலி டேவிசு, வில்பர்ட் மூர் ஆகியோர் 1945 இல் செயற்பாட்டிய விளக்கம் அளித்தனர். ஒரு பணி சமூகத்திற்கு முக்கியமானதாகவும், அதற்குத் தகுதியானவர்கள் அரிதாகவும் இருந்தால், அவர்களை ஈர்க்க உயர்ந்த வெகுமதி தேவை என்பது அவர்களின் வாதம். துப்புரவும் முக்கியமானதே, ஆனால் அதற்கு ஆள் எளிதில் கிடைப்பதால் உயர்ந்த வெகுமதி தேவைப்படுவதில்லை.

மெல்வின் டூமின் 1953 இல் இதை மறுத்தார். ஒரு பணி எவ்வளவு முக்கியம் என்பதை எதைக்கொண்டு அளப்பது என்று அவர் கேட்டார். துப்புரவு சில நாட்கள் நின்றாலே அறுவை அரங்கைப் பயன்படுத்த முடியாது. மேலும், நீண்டகாலப் படிப்பின் செலவைப் பெற்றோரே பெரும்பாலும் ஏற்கின்றனர். வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் திறமை வெளிப்படாமலே போவதால், தகுதியானவர்களின் பற்றாக்குறையை ஏற்றத்தாழ்வே உண்டாக்குகிறது. முரண்பாட்டுக் கோட்பாட்டாளர்களும் இவ்வழியிலேயே வாதிடுகின்றனர்.

சோதித்தறிதல்

நிரந்தரப் பணியாளர்கள் செய்த துப்புரவு வேலை ஒப்பந்த முறைக்கு மாற்றப்பட்டு, ஊதியம் குறைகிறது என்று கொள்வோம். வேலையின் முக்கியத்துவமோ அதற்கான திறனோ மாறவில்லை. பேரம்பேசும் வலிமையே மாறியது. இங்கு முரண்பாட்டு விளக்கம் கூடுதலாகப் பொருந்துகிறது. மாறாக, ஒரு சிறப்புத் துறைக்கு மருத்துவர் கிடைக்காததால் மருத்துவமனை ஊதியத்தை உயர்த்தினால், செயற்பாட்டிய விளக்கம் பொருந்துகிறது.

வரம்புகள்

உயர்ந்த ஊதியத்தையே முக்கியத்துவத்திற்குச் சான்றாகக் காட்டினால், செயற்பாட்டிய வாதம் தன்னைத்தானே சுற்றிவரும். முரண்பாட்டுக் கோட்பாடோ, தனியுடைமை நீக்கப்பட்ட சோவியத் ஒன்றியத்திலும் தொழில்களுக்கிடையே ஊதிய வேறுபாடு நிலவியது ஏன் என்பதற்கு விடை கூறவேண்டியுள்ளது.