பகுப்பாய்வாளர் விட்டுச்செல்லும் குறிப்பு

ஓர் இணையக் கடையின் விற்பனையைக் கூகுள் அனலிட்டிக்ஸில் கவனித்துவந்த பகுப்பாய்வாளர் வேலை மாறும்போது எழுதிக்கொடுக்கும் ஒப்படைப்புக் குறிப்பு, கணக்கின் அமைப்பிலிருந்து தொடங்குகிறது. மேலே அக்கவுண்ட், அதற்குள் பிராப்பர்ட்டி, அதற்குள் டேட்டா ஸ்ட்ரீம் என்று மூன்று அடுக்குகள். இணையதளத்துக்கு ஒரு ஸ்ட்ரீம், செயலிக்கு வேறொன்று. சோதனைத் தளத்துக்குத் தனி பிராப்பர்ட்டி இருந்தால் எது நிஜக் கடையுடையது என்பதை அதன் எண்ணோடு எழுத வேண்டும். பெயரை மட்டும் நம்பினால் குழப்பம்தான்.

நேர மண்டலம் பிராப்பர்ட்டியில்தான் குறிக்கப்படுகிறது. அது அமெரிக்கப் பசிபிக் நேரத்திலேயே விடப்பட்டிருந்தால், இந்தியாவில் பிற்பகல் 12.30 அல்லது 1.30 மணி வரை நடக்கும் விற்பனை முந்தைய நாள் கணக்கில் விழும். திருத்தினாலும் பழைய நாட்கள் மாறாது. ஆகவே திருத்திய தேதி குறிப்பில் இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அந்த நாளில் தெரியும் மேடு பள்ளத்துக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

இதைவிட ஏமாற்றுவது பணம் செலுத்தும் இடம். விளம்பரத்தைச் சொடுக்கி வந்த வாடிக்கையாளர் பொருளைத் தேர்ந்தெடுத்து, பணம் செலுத்தும் சேவையின் பக்கத்துக்குப் போய், ஓடிபி கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்புகிறார். அனலிட்டிக்ஸ் அவரை அந்தச் சேவையின் தளத்திலிருந்து வந்தவராக எண்ணிவிடலாம். அப்போது விளம்பரத்துக்குச் சேரவேண்டிய விற்பனை அந்தத் தளத்தின் பெயரில் பதிவாகும். வருகை அறிக்கையில் கட்டணச் சேவையின் முகவரி பெரிய வருமானத்தோடு நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. டேக் அமைப்புகளில் List unwanted referrals பகுதியில் அந்த முகவரியைச் சேர்ப்பதே தீர்வு. இதுவும் சேர்த்த நாளிலிருந்துதான் செல்லும். கடை புதிதாக ஒரு கட்டணச் சேவையைச் சேர்க்கும்போது அதன் முகவரியையும் சேர்க்க வேண்டும் என்பதைக் குறிப்பு சொல்லாவிட்டால், விளம்பரம் பலன் தரவில்லை என்று நினைத்து நல்ல விளம்பரத்தையே நிறுத்திவிடுவார்கள்.

வாராந்திர அறிக்கைக்கு எந்த நாள் என்பதிலும் காரணம் உண்டு. தரவு முழுமையாகப் பதப்பட 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். திங்கட்கிழமை காலையில் எடுத்தால் ஞாயிறு விற்பனை குறைந்து தெரியும்; புதன்கிழமை எடுப்பது பத்திரம். Explore பகுதியில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமானால் தரவு வைத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 14 மாதமாக முன்பே மாற்றியிருக்க வேண்டும். அழிந்தது திரும்ப வராது.

கணக்குப் பிரிவின் ஏட்டோடு இந்த எண்கள் அப்படியே பொருந்துவதில்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவரின் கொள்முதல் பதிவாகாமல் போகலாம். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பிவந்த பொருள், ரீஃபண்ட் நிகழ்வு அனுப்பப்படாவிட்டால், விற்றதாகவே நிற்கும். இரண்டுக்கும் வழக்கமாக எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதைக் குறிப்பு பதிவுசெய்ய வேண்டும். ஏட்டில் ஆர்டர்கள் வந்துகொண்டிருக்க, அனலிட்டிக்ஸில் மட்டும் அவை திடீரென நின்றால், முதலில் பார்க்க வேண்டியது ஆர்டர் உறுதிப் பக்கத்தில் உள்ள டேக்.