ஏற்றமா இறக்கமா என்று சொல்லாத கோடு

சார்ட்டில் ADX கோடு மேலே போனால் பங்கு விலையும் ஏறுகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 1978-ல் இதை அறிமுகப்படுத்திய அமெரிக்கர் வெல்ஸ் வைல்டரின் கணக்கில் திசைக்கு இடமே இல்லை. ஏற்றத்தின் விசையைக் காட்டும் +DI 30, இறக்கத்தின் -DI 10 என்று வையுங்கள். வித்தியாசம் 20, கூட்டுத்தொகை 40. இருபதை நாற்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் 50. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் அதே 50தான்!

இந்த எண்களின் 14 நாள் சராசரிதான் ADX. அது 25-ஐத் தாண்டினால் போக்கு வலுவானது என்பார்கள். 20-க்குக் கீழே என்றால் விலை திக்கில்லாமல் அல்லாடுகிறது. சராசரி என்பதால் தாமதமாகத்தான் விழிக்கும்; அதற்குள் பாதி ஓட்டம் முடிந்திருக்கலாம். 40-லிருந்து 30-க்கு இறங்கினால்? விலை விழுகிறது என்றல்ல, போக்கின் வலு குறைகிறது, அவ்வளவே. திசைக்கு எந்த DI மேலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.