குரலுக்கு ஒரு குறிப்பு

விவரணப் பிரதியை ஒலிப்பதிவுக்கு ஆயத்தஞ் செய்வோர், ஒவ்வொரு வரிக்கும் உணர்ச்சிக் குறிப்பு எழுதுவது வழக்கம். ஆயின், துயரக் கதையென்றால் எல்லா வரிக்கும் 'சோகமாக' என்றே எழுதிவிடுகிறோம். குரற் கலைஞர் முதல் வரியிலேயே அழத் தொடங்குகிறார். முடிவில் அழுவதற்கு அவரிடம் ஒன்றும் எஞ்சுவதில்லை.

தனுஷ்கோடியின் அழிவைக் கூறும் நான்கு வரிகளை எடுத்துக்கொள்வோம். குறிப்புகள் அடைப்புக்குள் உள்ளன.

(அமைதி, இயல்பான வேகம்) தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு அந்நாளில் கப்பல் சென்றது.

(கவலையின் சாயல், சற்று மெதுவாக) 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும்புயல் கரையை நெருங்கியது.

(பதற்றமின்றி, மீண்டும் இயல்பான வேகம்) பாம்பனிலிருந்து புறப்பட்ட புகையிரதம் தனுஷ்கோடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

(2 வினாடி நிறுத்தம், அடக்கிய துயர், இறுதிச் சொல் தெளிவாக) அதில் இருந்தவர்களுள் ஒருவரும் மீளவில்லை.

மூன்றாம் வரியைக் கவனியுங்கள். அழிவு வரப்போவதைப் பிரதி எழுதியவர் அறிவார். வண்டியில் இருந்தோர் அறியார். ஆதலின் அங்கே துயரம் கூடாது. அந்த அமைதியே நான்காம் வரியைக் கனக்கச் செய்கிறது.

ஒவ்வொரு குறிப்பிலும் இரு பகுதிகள் உண்டு. ஒன்று உணர்ச்சி, மற்றையது குரல் செய்யவேண்டிய செயல். 'துயர்' என்று மட்டும் எழுதினால், ஒருவர் குரலைத் தாழ்த்துவார், இன்னொருவர் நடுங்கச் செய்வார். வேகம், நிறுத்தம், அழுத்தம் என்பவற்றுள் அவ்வரிக்கு வேண்டியதையுஞ் சேர்த்தெழுதினாலே நாம் கருதியது அவருக்கு விளங்கும்.

தமிழுக்கென்றே ஓர் இடர் உண்டு. நம் மொழியில் வினை பெரும்பாலும் இறுதியில் வரும். 'இல்லை' என்னும் மறுப்பும் அதனோடு ஒட்டி நிற்கும். உணர்ச்சி மிகும்போது குரல் வரியின் கடைசியில் தேய்ந்துவிடுவது இயல்பு. 'மீளவில்லை' என்பதன் ஈறு தேய்ந்தால், கேட்பவருக்குச் செய்தியே போய்விடும். 'இறுதிச் சொல் தெளிவாக' என்றது இதற்காகவே.

நிறுத்தங்களும் நேரத்தை உண்ணும். ஒரு நிமிடப் பகுதியில் 2 வினாடி வீதம் ஐந்து நிறுத்தங்கள் இட்டால், 10 வினாடி கழிந்துவிடும். அவ்வளவுக்குச் சொற்களைக் குறைக்கவேண்டும். இல்லையேல் கலைஞர் விரைந்து படித்து நிறுத்தங்களையே விழுங்குவார். குறிப்பை வேறு மையில், வரிக்கு முன்னே எழுதுவதும் நன்று. அன்றேல் அதனையுஞ் சேர்த்துப் படித்துவிடக்கூடும்.

குறிப்புகள் பலித்தனவா என்றறிய, பிரதியைக் காணாத ஒருவருக்கு ஒலிப்பதிவைக் கேட்பித்து, "எவ்விடத்தில் குரல் மாறிற்று?" என வினவலாம். நான்காம் வரியை அவர் காட்டினால் நன்று. "தொடக்கமுதலே துக்கம்" என்பாராயின், கலைஞரைக் குறைகூறுமுன் நாம் முதல் மூன்று வரிகளுக்கு எழுதிய குறிப்புகளை மீண்டும் பார்க்கவேண்டும்.