வெல்டிங் முடிந்த பின் இரும்பு சொல்லும் வெப்பக் கணக்கு

25 மி.மீ. தடிமனுள்ள சாதாரண இரும்புத் தகடு. அதன் மேல் 250 ஆம்பியர், 25 வோல்ட்டில் ஆர்க் ஓடுகிறது. வினாடிக்கு 5 மி.மீ. வேகம். ஐந்தில் நாலு பங்கு வெப்பம் தகட்டுக்குள் போகிறது என்று கொண்டால், ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் 1,000 ஜூல் இறங்குகிறது. வெல்டிங் கோட்டிலிருந்து 10 மி.மீ. தள்ளியிருக்கும் இரும்பு அதிகபட்சம் எவ்வளவு சூடாகும்?

இதற்கான கணிதத்தை டேனியல் ரோசன்தால் 1941-இல் வெளியிட்டார். ஆர்க்கை ஒரு புள்ளியாகவும், தகட்டை எல்லையற்ற தடிமனாகவும் அவர் எடுத்துக்கொண்டார். ஆர்க் வேகமாக ஓடினால் வெப்பம் முன்னே பாய நேரமிருக்காது. பக்கவாட்டிலும் கீழேயும் மட்டுமே பரவும். அப்போது கிடைக்கும் விடை வியக்கத்தக்க அளவுக்கு எளியது: உச்ச வெப்ப உயர்வு, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. நம் தகட்டுக்கு அது இப்படி:

உயர்வு = 52,000 / (தூரம் × தூரம்)

தூரத்தை மில்லிமீட்டரில் போட்டால் விடை டிகிரி செல்சியசில் வரும். 10 மி.மீ.-இல் 520 டிகிரி உயர்வு. தகடு 30 டிகிரியில் இருந்திருந்தால் உச்சம் 550. இருமடங்கு தள்ளி, 20 மி.மீ.-இல், உயர்வு நாலில் ஒரு பங்கு: 130 டிகிரிதான்.

இந்த உச்சம் ஆர்க் நேர் எதிரே வரும்போது வருவதில்லை. 10 மி.மீ. தூரத்துக்கு வெப்பம் வந்து சேரச் சுமார் 3 வினாடி ஆகும். அதற்குள் ஆர்க் 14 மி.மீ. தாண்டிப் போய்விடும்.

கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் அதன் பயன் தெரியும். இரும்பு ஏறக்குறைய 1,500 டிகிரியில் உருகும். 720 டிகிரிக்கு மேல் அதன் உள்ளமைப்பு மாறத் தொடங்கும். 1,500 டிகிரி எட்டுவது 6 மி.மீ. வரை, 720 எட்டுவது 8.7 மி.மீ. வரை. இரண்டுக்கும் நடுவே உள்ள 2.7 மி.மீ. பட்டைதான் உருகாமலே குணம் மாறிய பகுதி. வெல்டிங்குக்குப் பிறகு விரிசல் விடுவது பெரும்பாலும் இங்கேதான். தகட்டை முன்கூட்டியே 150 டிகிரிக்குச் சூடாக்கினால் பட்டை சுமார் 3.3 மி.மீ. ஆகிறது. ஆனாலும் இரும்பு மெல்ல ஆறுவதால் விரிசல் அபாயம் குறைகிறது. அதனால் அந்த அகலத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சூத்திரத்துக்கு எல்லைகளும் உண்டு. ஆர்க்குக்கு மிக அருகில் அது முடிவிலா வெப்பம் காட்டும். மெதுவாக நகரும் ஆர்க்கில் உண்மையைவிடக் கூடுதலாகச் சொல்லும். தகடு மெல்லியதாக இருந்தால் பொருந்தவே பொருந்தாது. அங்கே உச்ச உயர்வு தூரத்துக்கு நேரடியாகவே எதிர் விகிதத்தில் குறையும்.

எந்த விதி பொருந்தியது என்பதை வெட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். வெல்டிங்கைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால் தடவினால் இரண்டு எல்லைகளும் கண்ணுக்குத் தெரியும். வெளி எல்லையின் தூரத்தை உருகு எல்லையின் தூரத்தால் வகுத்தால், கனமான தகட்டில் ஏறக்குறைய 1.5 வரும். விடை 2-ஐ நெருங்கினால், அந்த வெல்டிங்குக்கு அது மெல்லிய தகடு; கணக்கை வேறு சூத்திரத்தில் போட வேண்டும்.